எஸ்.ஐ.பி. தொடங்கும் முன் கையில் எத்தனை மாதச் செலவு இருக்க வேண்டும்?

என் சித்தி மகளுக்கு 27 வயது. சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை. துரைப்பாக்கத்தில் இரண்டு தோழிகளோடு வாடகை வீடு, சொந்த ஊர் விருதுநகர். கைக்கு வரும் சம்பளம் 48,000 ரூபாய். போன மாதம் போன் செய்தாள்.

"அண்ணா, ஆபீஸ்ல எல்லாரும் எஸ்.ஐ.பி. போடறாங்க. மூணு மாசச் செலவு கையில இருந்தா ஆரம்பிச்சிடலாம்னு ஒருத்தர் சொல்றார். ஆறு மாசம் வேணும்னு இன்னொருத்தர். ஒரு வருஷச் செலவு இல்லாம மார்க்கெட் பக்கமே போகாதேன்னு டீம் லீட். நான் எதைக் கேக்கறது?"

எஸ்.ஐ.பி. என்பது மாதாமாதம் ஒரு தொகையை மியூச்சுவல் ஃபண்ட் வழியாகப் பங்குச் சந்தையில் போடுவது. மூவரும் அவரவர் நிலைமையிலிருந்து சொல்கிறார்கள். அவள் நிலைமைக்கு எது பொருந்தும் என்று இரண்டு மாலைகள் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். தனியாளாக, மாதச் சம்பளத்தில் இருக்கும் வேறு பலருக்கும் இதே குழப்பம் இருப்பதால் அந்தக் கணக்கை இங்கே விரித்து எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

ஒரு மாதச் செலவு என்பது எது? பலர் சம்பளத்தை மூன்றால் பெருக்குகிறார்கள். அது தவறான எண். வேலை இல்லாத மாதத்தில் ஆகும் செலவுதான் வேண்டியது, அதைத் தனியாக எழுதிப் பார்க்க வேண்டும். அவளுடைய வழக்கமான மாதச் செலவு 38,000. அதில் துணிமணி, சினிமா, வெளியே சாப்பிடுவது என்று 6,500 போகிறது, அது நின்றுவிடும். பெட்ரோல் செலவும் குறையும். ஆனால் ஆபீஸ் கேன்டீனில் மலிவாகக் கிடைத்த மதிய உணவு போய்விடும், இன்டர்வியூக்கு அலைய வேண்டும், மருத்துவக் காப்பீட்டைச் சொந்தப் பணத்தில் கட்ட வேண்டும். எழுதிப் பார்த்தோம்: வாடகையில் அவள் பங்கு 9,500, சாப்பாடு 7,500, வீட்டுக்கு அனுப்புவது 8,000, ஸ்கூட்டர் தவணை 3,500, பெட்ரோல் 1,500, போனும் இணையமும் 1,000, காப்பீடு 1,000, அலைச்சல் 1,000. மொத்தம் 33,000. இனி ஒரு மாதம் என்றால் இந்த 33,000தான்.

கடைசிச் சம்பளத்துக்கும் அடுத்த சம்பளத்துக்கும் நடுவே எத்தனை மாதம்? "ரெண்டு மாசத்துல வேலை கிடைச்சிடும்" என்பதை இரண்டு மாத இடைவெளி என்று நினைத்துவிடுகிறோம். தேதி போட்டுப் பார்க்கலாம். பிப்ரவரி 28 அன்று சம்பளம் வந்தது, மார்ச் 10 அன்று வேலை போனது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்து நாள் சம்பளத்தையும் விடுப்புப் பணத்தையும் பல நிறுவனங்கள் ஃபைனல் செட்டில்மெண்ட் வரை நிறுத்திவைக்கும். இரண்டு மாதம் தேடி, மே நடுவில் ஆஃபர் வருகிறது. ஆவணங்களைச் சரிபார்த்து முடித்து, மே 22 அன்று சேர்கிறாள். அந்த மாதச் சம்பளப் பட்டியலை 20ஆம் தேதியோடு முடித்திருந்தால், முதல் சம்பளம் ஜூன் கடைசியில்தான். மார்ச், ஏப்ரல், மே, ஜூன் என நான்கு மாதச் செலவு சம்பளம் இல்லாமல் ஓடியிருக்கிறது. தேடியது இரண்டு மாதம், இடைவெளி நான்கு மாதம்.

உங்களை நம்பி யார், நீங்கள் யாரை நம்பலாம்? தனியாள் என்றால் பொறுப்பு இல்லை என்று அர்த்தமில்லை. அவள் அனுப்பும் 8,000 ரூபாயில் அப்பாவின் மாத்திரைச் செலவும் அடங்கும். இன்னொரு பக்கம், கணவன் மனைவி இருவர் சம்பாதிக்கும் வீட்டில் ஒருவர் வேலை போனால் பாதிச் சம்பளம் மிஞ்சும். தனியாளுக்கு வரவு ஒரே நாளில் பூஜ்யம். மிக மோசமான நிலையில் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போய் இருக்க முடியுமா என்பதையும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வேலை போகாமலே வரும் அவசரம் எவ்வளவு பெரியது? மருத்துவமனையைப் பற்றிக் கீழே சொல்கிறேன். சென்னையில் தனியாட்களுக்கு அதிகம் நேர்வது வீடு மாறுவது. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால், புது வீட்டுக்கு முன்பணம் கொடுத்த பிறகுதான் பழைய முன்பணம் கைக்கு வரும், அதுவும் பெயின்ட் செலவு போக. ஐந்து மாத வாடகை முன்பணம் என்றால் இவள் பங்கு மட்டும் 47,500.

கடைசியாக, இந்தத் தொகையைச் சேர்க்க எத்தனை மாதம் ஆகும், அதுவரை சந்தைக்கு வெளியே நிற்பதால் என்ன இழப்பு என்பதையும் பார்க்க வேண்டும். அவளுக்கு மாதம் 10,000 மிஞ்சுகிறது. காப்பீட்டுக்கு 1,000 போனால் 9,000.

## ஒரு மாதம்: 33,000 ரூபாய்

நான்கே மாதத்தில் சேர்ந்துவிடும், ஐந்தாவது மாதம் எஸ்.ஐ.பி. தொடங்கலாம். கவர்ச்சியான வழி. "அவசரம்னா மியூச்சுவல் ஃபண்ட வித்துக்கலாமே, ரெண்டு மூணு நாள்ல பணம் வந்துடும்" என்பார்கள். பணம் வரும் என்பது உண்மை. எந்த விலைக்கு வரும் என்பதுதான் கேள்வி.

வேலை போவதும் சந்தை விழுவதும் பல நேரம் ஒரே காரணத்தால், ஒரே சமயத்தில் நடக்கின்றன. 2008இல் அப்படித்தான் நடந்தது. 2020இல் ஜனவரி நடுவில் 12,362 புள்ளியில் முடிந்த பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி, மார்ச் 23 அன்று 7,610இல் முடிந்தது. இரண்டே மாதத்தில் 38 சதவீதம். அடுத்த நாள் இரவு ஊரடங்கு அறிவிப்பு வந்தது. அந்த வாரம் ஒருவர் 33,000 ரூபாய் எடுக்க வேண்டுமென்றால், ஜனவரியில் சுமார் 53,600 மதிப்பிருந்த யூனிட்டுகளை விற்றிருக்க வேண்டும். நவம்பரில் நிஃப்டி பழைய உயரத்தைத் தாண்டிவிட்டது, ஆனால் விற்ற யூனிட்டுகளுக்கு அதனால் பலன் இல்லை. எனக்கு இது நேரடியாகத் தெரியும். அந்த ஏப்ரலில் நான் வேலையை இழந்தேன், கையில் ஒரு மாதச் செலவுதான் இருந்தது, இரண்டு முறை விற்றேன்.

இதில் மறைந்திருக்கும் செலவுகள் வேறும் உண்டு. பல பங்குச் சந்தை ஃபண்டுகளில் ஓராண்டுக்குள் எடுத்தால் 1 சதவீதம் பிடிப்பார்கள். லாபத்தில் விற்றாலும் ஓராண்டுக்குள் என்றால் 20 சதவீதம் வரி. விற்க மனமில்லாமல் கிரெடிட் கார்டில் தள்ளினால் மாதத்துக்கு மூன்றரை சதவீதம் அளவுக்கு வட்டி, ஆண்டுக்கு 40 சதவீதத்தைத் தாண்டிவிடும். பெர்சனல் லோன் கேட்கலாம் என்றால் வங்கி கேட்பது சமீபத்திய பே ஸ்லிப்பை. வேலை போனவரிடம் அதுதான் இருக்காது.

இது யாருக்குச் சரி? அப்பா அம்மாவோடு சொந்த வீட்டில் இருப்பவர், வீட்டில் ஓய்வூதியமோ வேறு வருமானமோ வருகிறது, தவணை எதுவும் இல்லை, தனக்கென்று மருத்துவக் காப்பீடு இருக்கிறது என்றால் ஒரு மாதம் போதும். நிரந்தர அரசு வேலையில் இருப்பவருக்கும் ஒன்றிரண்டு மாதம் போதும் என்பேன். ஓ.எம்.ஆரில் வாடகை கொடுப்பவருக்கு இது பொருந்தாது.

## மூன்று மாதம்: 99,000 ரூபாய்

சேர்க்க 11 மாதம் ஆகும். வீடு மாறும் முன்பணம், ஸ்கூட்டர் பழுது, ஊரில் திடீர்ச் செலவு எல்லாவற்றையும் இது தாங்கும். மேலே போட்ட நான்கு மாதக் கணக்கை மட்டும் தனியாகத் தாங்காது. ஃபைனல் செட்டில்மெண்டில் நோட்டீஸ் சம்பளமும் விடுப்புப் பணமும் சேர்ந்து ஒரு மாதச் செலவுக்கு வந்தால் சமாளித்துவிடலாம். அதாவது, தேடல் இரண்டு மாதத்துக்குள் முடிந்தால் மூன்று மாதப் பணம் போதும்.

உங்கள் துறையில் அது நடக்குமா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. கடந்த ஓராண்டில் உங்களைப் போன்ற அனுபவத்தோடு வேலை மாறிய மூன்று நான்கு பேரிடம், முதல் விண்ணப்பம் போட்ட நாளும் முதல் சம்பளம் வந்த நாளும் கேளுங்கள். வேலையில் இருந்துகொண்டு மாறியவர்களைவிட வேலை போய்த் தேடியவர்கள் சொல்வதை நம்புங்கள். அவள் கேட்டதில் ஒருத்திக்கு மூன்று மாதம், இன்னொருவருக்கு ஏழு மாதம்.

"பி.எஃப். இருக்கே" என்ற ஆறுதலும் இங்கே வரும். எடுக்க வழி உண்டு. ஆனால் பி.எஃப். கணக்கிலும் ஆதாரிலும் பெயரோ பிறந்த தேதியோ ஒத்துப்போகாவிட்டால் கோரிக்கை நிராகரிக்கப்படும். நம்மூர்க்காரர்களுக்கு இனிஷியல் ஒன்றே போதும்: ஓரிடத்தில் இனிஷியல் முன்னால், இன்னோரிடத்தில் பின்னால், மூன்றாவது இடத்தில் அப்பா பெயர் முழுதாக. அதைத் திருத்துவதற்குள் மாதம் ஓடிவிடும். வேலையில் இருக்கும்போதே அதைச் சரிசெய்து வையுங்கள், அவசரப் பணமாக அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

மூன்று மாதத்தின் பெரிய ஓட்டை மருத்துவம். நிறுவனம் தரும் குழுக் காப்பீடு கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும், அதில் சேர்த்திருக்கும் அப்பா அம்மாவுக்கும்தான். அன்றைக்குப் போய்ப் புது பாலிசி எடுத்தால், விபத்தைத் தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் எதுவும் கிடைக்காது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருப்பு வைக்கலாம். அதனால்தான் அவள் கணக்கில் காப்பீட்டுப் பணத்தை முதல் மாதத்திலிருந்தே எடுத்துவைத்தேன். சொந்தப் பாலிசி இல்லாமல் வைத்திருக்கும் மூன்று மாதம், ஒரு அப்பெண்டிக்ஸ் அறுவை சிகிச்சையில் கரைந்துவிடும்.

யாருக்குச் சரி: சொந்தப் பாலிசி இருக்கிறது, வேலை நிரந்தரம், எளிதில் வேறு வேலை கிடைக்கும் திறமை, தேவையென்றால் ஊருக்குப் போய்விடலாம் என்பவருக்கு.

## ஆறு மாதம்: 1,98,000 ரூபாய்

வேலை தேட நான்கு மாதம் ஆனாலும் இது தாங்கும். அதைவிட முக்கியமாக, முதலில் வந்த ஆஃபரை, பழைய சம்பளத்தைவிடக் குறைத்துக் கேட்டாலும், பயத்தில் பிடித்துக்கொள்ள வேண்டிய நிலைமை வராது. மாதம் 5,000 குறைவாக ஒரு வேலையை ஒத்துக்கொண்டால் ஆண்டுக்கு 60,000 இழப்பு, அடுத்த சம்பள உயர்வும் அந்தக் குறைந்த தொகையின் மேல்தான் வரும்.

இதற்கு என்ன விலை கொடுக்கிறோம்? கூடுதலான 99,000 ரூபாய் எஃப்.டி.யில் 6 சதவீதத்துக்குக் கிடக்கிறது, சந்தையில் இருந்தால் நீண்ட கால சராசரியில் 12 கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம், அப்படிக் கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது என்றாலும். வித்தியாசம் ஆண்டுக்கு 6,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு, மாதம் 500 ரூபாய். அதை வேலை இழப்புக்கான காப்பீட்டுக் கட்டணம் என்று நினைத்துக்கொள்ளச் சொன்னேன். அவள் உடனே, "அது ஒரு பிரியாணி பார்ட்டி காசு அண்ணா" என்றாள்.

உண்மையான செலவு காத்திருப்புதான். 9,000 வீதம் சேர்க்க 22 மாதம். அதற்குள் கல்யாணப் பேச்சு, தங்கைக்குப் படிப்பு என்று ஏதாவது வந்து அந்தப் பணத்தில் கைவைக்கும். தொகை பெரிதாகத் தெரியத் தெரிய, அதைச் சும்மா கிடக்கும் பணமாக வீட்டில் பார்க்கத் தொடங்குவார்கள். எந்தக் காரணத்துக்கு எடுக்கலாம் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் மறுப்பது சற்று எளிது.

ஒப்பந்த ஊழியர், தகுதிகாண் காலத்தில் இருப்பவர், அடுத்த சுற்று நிதி வந்தால்தான் சம்பளம் என்கிற ஸ்டார்ட்அப்பில் இருப்பவர், ஊரில் ஒரு சில நிறுவனங்கள் மட்டுமே ஆள் எடுக்கும் குறுகிய துறைக்காரர் ஆகியோர் ஆறு மாதம் முழுதாகச் சேரும்வரை சந்தைக்குப் போகாமல் இருப்பது நல்லது.

## பன்னிரண்டு மாதம்: 3,96,000 ரூபாய்

44 மாதம், ஏறக்குறைய நாலு வருஷம். இதற்குள் இலக்கே நகர்ந்துவிடும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், 44 மாதம் கழித்து இன்றைய 33,000 மாதச் செலவு 40,000ஐத் தாண்டியிருக்கும். அன்றைக்கு 12 மாதத்துக்கு 4,80,000க்கு மேல் வேண்டும்.

இருந்தாலும் இது தேவைப்படுபவர்கள் உண்டு. டயாலிசிஸ் போன்ற தொடர் சிகிச்சையில் இருக்கும் பெற்றோருக்கு ஒரே ஆதரவாக இருப்பவர், ஒன்றிரண்டு ஆண்டில் வேலையை விட்டு மேற்படிப்புக்கோ சொந்தத் தொழிலுக்கோ போகத் திட்டமிட்டவர், ஐம்பதை நெருங்கி, வேலை போனால் அதே பதவியில் திரும்ப அமர நீண்ட காலம் ஆகக்கூடியவர். 27 வயதில் டெஸ்டிங் வேலையில் இருப்பவருக்கு இது மிகை.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | 1 மாதம் | 3 மாதம் | 6 மாதம் | 12 மாதம் |
|---|---|---|---|---|
| தொகை (ரூ.) | 33,000 | 99,000 | 1,98,000 | 3,96,000 |
| மாதம் 9,000 வீதம் சேர | 4 மாதம் | 11 மாதம் | 22 மாதம் | 44 மாதம் |
| வீடு மாறும் முன்பணம் 47,500 | தாங்காது | தாங்கும் | தாங்கும் | தாங்கும் |
| 2 மாதத் தேடல் (4 மாத இடைவெளி) | தாங்காது | செட்டில்மெண்ட் பணம் வந்தால் தாங்கும் | தாங்கும் | தாங்கும் |
| 4 மாதத் தேடல் (6 மாத இடைவெளி) | தாங்காது | தாங்காது | தாங்கும் | தாங்கும் |
| மறைந்திருக்கும் செலவு | விழுந்த சந்தையில் விற்பது, கார்டு வட்டி | கிடைத்த ஆஃபரை ஏற்கும் நெருக்கடி | மாதம் 500 ரூபாய், நீண்ட காத்திருப்பு | நகரும் இலக்கு, நாலு வருஷம் |

இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் வேலையில்லா மாதத்துச் செலவைப் போட்டுப் பாருங்கள். கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் ஒரு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் அதை அடைத்துவிடுங்கள்.

## அவளுக்கு எதைச் சொன்னேன்

மூன்றில் தொடங்கி ஆறில் முடிப்பது. 99,000 சேரும்வரை சந்தையில் ஒரு ரூபாயும் இல்லை. அதற்குப் பிறகு 9,000ஐப் பிரித்து, 6,000 அவசரப் பணத்துக்கு, 3,000 நிஃப்டி போன்ற ஒரு குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஓர் இண்டெக்ஸ் ஃபண்டுக்கு. இப்படிச் செய்தால் ஆறு மாத இலக்கை எட்ட இன்னும் 17 மாதம், ஆக மொத்தம் 28 மாதம். நேராக ஆறுக்குப் போவதைவிட ஆறு மாதம் தாமதம். அந்தத் தாமதத்தை நான் ஏற்கிறேன், ஏனென்றால் அந்த 17 மாதத்தில் 51,000 சந்தையில் ஏறி இறங்குவதை அவள் சிறிய தொகையிலேயே பார்த்துப் பழகிவிடுவாள். ஆபீஸில் ஆட்குறைப்புப் பேச்சு அடிபட ஆரம்பித்தாலோ, புது ஆள் எடுப்பதை நிறுத்தினாலோ, அந்த 3,000ஐயும் நிறுத்தி முழு 9,000ஐயும் அவசரப் பணத்துக்குத் திருப்ப வேண்டும். எஸ்.ஐ.பி.யை நிறுத்த அபராதம் கிடையாது.

பணத்தை எங்கே வைப்பது என்பதில் அதிகம் யோசிக்கவில்லை. ஒரு மாதச் செலவு, சம்பளம் வராத ஒரு தனிச் சேமிப்புக் கணக்கில். மற்றவை 33,000 வீதம் தனித்தனி எஃப்.டி.க்கள். ஒரே பெரிய எஃப்.டி.யாகப் போட்டால் சிறு தேவைக்கும் முழுதாக உடைக்க நேரும். முன்கூட்டி உடைத்தால் வட்டியில் அரை முதல் ஒரு சதவீதம் குறைப்பார்கள். ஆறு மாதம் கிடந்த 33,000க்கு அது 165 ரூபாய்க்கு மேல் போகாது. குறுகிய காலக் கடன் பத்திரங்களில் பணம் போடும் லிக்விட் ஃபண்டும் மோசமில்லை, ஆனால் பணம் அடுத்த வேலை நாளில்தான் முழுதாக வரும். சனிக்கிழமை இரவு மருத்துவமனையில் அட்மிஷன் கவுண்டரில் நிற்பவருக்கு அது உதவாது. காப்பீடு இருந்தாலும் ஒப்புதல் வரும்வரை முன்பணம் கேட்கும் மருத்துவமனைகள் இருக்கின்றன.

அந்தக் கவுண்டரை யோசித்தபோதுதான் இன்னொன்று புரிந்தது. அவளே மயக்கமாகக் கிடந்தால் அந்தப் பணத்தை எடுப்பது யார்? "நாமினி அம்மாதான்" என்றாள். நாமினிக்குப் பணம் கிடைப்பது கணக்கு வைத்திருப்பவர் இறந்த பிறகு. உயிரோடு ஐ.சி.யூ.வில் இருக்கும்போது நாமினியால் ஒரு ரூபாய் எடுக்க முடியாது. தனியாள் சேர்க்கும் அவசரப் பணத்தில் பலர் விட்டுவிடுவது இதுதான். அதனால் அந்தத் தனிச் சேமிப்புக் கணக்கை அம்மாவோடு கூட்டுக் கணக்காக, இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கலாம் என்ற வகையில் தொடங்கச் சொன்னேன். அப்படியென்றால் அம்மாவுக்கும் தனி ஏ.டி.எம். கார்டு கிடைக்கும்.

போன வாரம் ஊருக்குப் போனவள், அம்மாவை வங்கிக்குக் கூட்டிப்போய்க் கையெழுத்துப் போட வைத்திருக்கிறாள். கார்டு தபாலில் வந்ததும் சித்தியை ஒரு முறை ஏ.டி.எம்.முக்கு அழைத்துப்போய் 500 ரூபாய் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.